பளிங்குச் சில்லும் வாயு வரைபடமும்

பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நுரை பொங்கும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்த வாயுவைப் பிடித்து அளந்தால், வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கூம்புக் குடுவையில் சுமார் 5 கிராம் சில்லுகளை இட்டு, 0.2 மோலார் அமிலம் 40 மி.லி. ஊற்றி, உடனே தக்கையால் மூடவேண்டும். தக்கையிலிருந்து போகும் குழாய் 100 மி.லி. வாயு சிரிஞ்சில் முடிகிறது. மூடும் நொடியிலேயே கடிகாரத்தையும் ஓடவிட வேண்டும். தாமதித்தால் முதல் குமிழிகள் காற்றோடு போய்விடும். வினை மிக வேகமாக இருக்கும் கட்டம் அதுதான். இங்கே பளிங்கு தேவைக்கு மேல் இருக்கிறது, முதலில் தீர்வது அமிலமே. அறை வெப்பநிலையில் அது கொடுக்கக்கூடிய வாயு ஏறத்தாழ 96 மி.லி.

30 நொடியில் 28 மி.லி., 60 நொடியில் 48, 120 நொடியில் 72, 180 நொடியில் 84 என வாயு சேர்வதாகக் கொள்வோம். கிடையச்சில் நேரத்தையும் செங்குத்தச்சில் கன அளவையும் வைத்துப் புள்ளிகளைக் குறித்தால், செங்குத்தாக எழுந்து மெல்ல வளைந்து படுக்கும் கோடு கிடைக்கும். புள்ளிகளை அளவுகோலால் இணைக்கக் கூடாது. கையால் ஒரே சீரான வளைகோடாக வரைய வேண்டும்.

இனி 60ஆவது நொடியில் வினைவேகம் என்ன? மாணவர்கள் பலர் 48ஐ 60ஆல் வகுத்து 0.8 என்று எழுதிவிடுகிறார்கள். அது முதல் ஒரு நிமிடத்தின் சராசரி மட்டுமே. அந்த நொடிக்குரிய வேகம் வேண்டுமென்றால், வளைகோட்டை அப்புள்ளியில் மட்டும் தொட்டுச் செல்லும் தொடுகோடு வரைய வேண்டும். இங்கே அது 0 நொடியில் 15 மி.லி.யையும், 120 நொடியில் 81 மி.லி.யையும் தொடும். ஏற்றம் 66 மி.லி., அதற்கான நேரம் 120 நொடி. ஆகவே சாய்வு நொடிக்கு 0.55 மி.லி. தொடக்கத்தில் இதே சாய்வு சுமார் 1.1 இருந்தது. அமிலத்தில் பாதி தீர்ந்தபோது வேகமும் பாதியாகிவிட்டது. தொடுகோட்டை நீளமாக வரைவது நல்லது. குட்டிக் கோட்டில் சிறு பிசகும் விடையைப் பெரிதாக மாற்றிவிடும்.

சில்லுகளை இன்னும் பொடியாக உடைத்தால் அமிலம் படும் பரப்பு கூடும். கோடு செங்குத்தாக எழும், ஆனால் அதே 96 மி.லி. உயரத்திலேயே படுக்கும், ஏனெனில் அமிலத்தின் அளவு மாறவில்லை.

கோடு அந்த உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றால் தக்கையின் கசிவையும் சிரிஞ்சின் இறுக்கத்தையும் பார்க்கவேண்டும். வாயுவில் ஒரு பகுதி நீரில் கரைவதும் காரணமாகலாம். சல்பியூரிக் அமிலத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது: எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் பளிங்கின் மேல் படிந்து, வினையைப் பாதியிலேயே ஏறக்குறைய நிறுத்திவிடும்.