7805 ஏன் இப்படிச் சுடுகிறது?

பைக்கின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செல்போனுக்கு 5 வோல்ட் எடுக்க வேண்டும் என்றால், எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்களின் கை முதலில் போவது 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டருக்குத்தான். ஒரு காலில் பேட்டரி, நடுக்காலில் கிரவுண்ட், மூன்றாவது காலில் 5 வோல்ட். விலையும் சில ரூபாய்தான். ஆனால் போனைச் செருகிய கொஞ்ச நேரத்தில் அதன் உலோக முதுகில் விரல் வைக்க முடியாது. பிறகு சார்ஜ் நிற்கும், மறுபடி ஏறும், மறுபடி நிற்கும். பழி பெரும்பாலும் போன் ஒயர் மேல் விழும்.

7805 வோல்டேஜை மாற்றித் தருவதில்லை; வேண்டாத வோல்டேஜைத் தன் மேல் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர், வெளியே 5 வோல்ட் மட்டும் போகும்படி தன் தடையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. போன் அரை ஆம்பியர் இழுத்தால் பேட்டரியிலிருந்தும் அதே அரை ஆம்பியர்தான் வருகிறது. நின்றிருக்கும் பைக்கின் பேட்டரி 12.6 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமான 7.6 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 3.8 வாட். போனுக்குப் போவதோ 2.5 வாட். பயன்படுவதைவிடச் சூடாகப் போவதுதான் அதிகம்.

ஹீட் சிங்க் இல்லாத 7805, ஒவ்வொரு வாட்டுக்கும் சுற்றியுள்ள காற்றைவிட சுமார் 65 டிகிரி கூடுதலாகச் சூடேறும். 3.8 வாட்டுக்குக் கணக்குப் போட்டால் 247 டிகிரி வரும். அந்த அளவுக்குப் போக ஐசி விடாது. சிலிக்கான் சுமார் 150 டிகிரியைத் தாண்டும்போது உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறியதும் திரும்பக் கொடுக்கும். சார்ஜ் விட்டுவிட்டு ஏறுவதன் ரகசியம் இதுதான். ஓரளவு பெரிய ஹீட் சிங்க்கைப் பசை தடவி இறுக்கினால், வாட்டுக்கு 65 டிகிரி என்பது 16 டிகிரி வாக்கில் இறங்கும். 35 டிகிரி வெயிலில் ஐசியின் உள்சூடு 96 டிகிரி, தாங்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதால் சூடு இன்னும் ஏறும். அதையும் சேர்த்துத்தான் ஹீட் சிங்க் அளவைப் பார்க்க வேண்டும்.

சூட்டைக் குறைக்க, முன்னால் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் போடுவது பழைய உத்தி. அரை ஆம்பியரில் அது 5 வோல்ட்டைத் தன் பங்குக்கு விழுங்கிவிடும். மொத்தச் சூடு குறையவில்லை, பாதிக்கு மேல் இடம் மாறியிருக்கிறது. இப்போது ஐசிக்கு வந்து சேர்வது 7.6 வோல்ட். இங்கேதான் இன்னொரு எல்லை குறுக்கிடுகிறது. 7805 ஒழுங்காக வேலை செய்ய, வெளியே தருவதைவிட சுமார் 2 வோல்ட் அதிகமாக உள்ளே வர வேண்டும். இதற்கு டிராப்அவுட் வோல்டேஜ் என்று பெயர். பேட்டரி கொஞ்சம் இறங்கி 11.8 ஆனாலே ஐசிக்கு 6.8தான் கிடைக்கும், 5 வோல்ட் நழுவத் தொடங்கும். செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

டிராப்அவுட் குறைவான, எல்டிஓ எனப்படும் ரெகுலேட்டரை வாங்கினால் சூடும் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. 12.6 வோல்ட்டை 5 ஆக இறக்கினால் அதிலும் அதே 3.8 வாட்தான். எல்டிஓவுக்கு உண்மையில் வேலை இருப்பது பேட்டரிக்கும் தேவைக்கும் இடைவெளி குறுகலாக இருக்கும்போது. லித்தியம் பேட்டரியில் 3.3 வோல்ட் வைஃபை போர்டை ஓட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய போர்டுகளில் அடிக்கடி காணப்படும் 1117 ரெகுலேட்டருக்கு 1.1 வோல்ட் அளவுக்கு இடைவெளி தேவை, அதாவது 4.4 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியமே 4.2தான். அதனால் போர்டு காரணமே இல்லாததுபோல் ரீசெட் ஆகும், அதுவும் வைஃபை மின்சாரத்தை இழுக்கும் நேரம் பார்த்து. 0.2 வோல்ட் இடைவெளி போதும் என்கிற எல்டிஓவைப் போட்டால் பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை ஓடும்.

பைக் சார்ஜருக்கு ஸ்விட்சிங் வகை பக் கன்வெர்ட்டர்தான் சரி. 90 சதவீதத் திறன் என்றால் வீணாவது 0.3 வாட்தான். அதற்காக 7805-ஐ ஒதுக்க வேண்டியதில்லை. 20 மில்லி ஆம்பியர் மட்டும் கேட்கும் சென்சாருக்கு அது 12.6 வோல்ட்டில் அதிகம் சூடேறாது. ஸ்விட்சிங்கின் இரைச்சலும் இருக்காது. எது எங்கே என்று சந்தேகம் வந்தால், சர்க்யூட் ஓடும்போது ரெகுலேட்டரின் உள்வரும் காலுக்கும் வெளிப்போகும் காலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 7805-இல் அது 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் டிராப்அவுட் பிரச்சினை. அந்த எண்ணை ஆம்பியரால் பெருக்கி ஒரு வாட்டைத் தாண்டினால் ஹீட் சிங்க் வாங்கக் கிளம்புங்கள்.