மாறுதல் ஆணை வந்தபின் கூடுதல் நாள் கேட்பது எப்படி?

மத்திய அரசு ஊழியருக்கு வெளியூர் மாறுதல் வந்தால், புதிய இடத்தில் சேரும் முன் சம்பளத்துடன் சில நாட்கள் கிடைக்கும். அதற்குப் பணியேற்பு இடைக்காலம் என்று பெயர். 1979-ஆம் ஆண்டு விதிகளின்படி, தூரம் 1,000 கிலோமீட்டருக்குள் இருந்தால் 10 நாள், அதைத் தாண்டினால் 12, 2,000-ஐத் தாண்டினால் 15. தன் விருப்பத்தில் மாறுதல் வாங்கியவருக்கு இது கிடையாது.

வாடகை வீடு கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று பலரும் இந்த நாட்களையே நீட்டிக்கக் கேட்டு எழுதுகிறார்கள். துறைத்தலைவர் 30 நாள் வரை நீட்டிக்கலாம் என்பது உண்மை. ஆனால் விதி அவருக்குத் தரும் அளவுகோல், மூட்டை கட்ட 8 நாளும் நியாயமான பயண நேரமும்தான். வேலைநிறுத்தத்தாலோ வெள்ளத்தாலோ பயணம் தடைபட்டால் அதில் இடமுண்டு. பள்ளிச் சேர்க்கை அதில் அடங்காது. அதனால்தான் உருக்கமாக எழுதிய மனுக்கள்கூடத் திரும்பி வந்துவிடுகின்றன.

கேட்க வேண்டியது விடுப்பு. பணியேற்பு இடைக்காலத்தோடு ஈட்டிய விடுப்பைச் சேர்த்து எடுக்க விதியே அனுமதிக்கிறது. தற்செயல் விடுப்பை மட்டும் சேர்க்க முடியாது.

சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஒருவர் வெள்ளிக்கிழமை பிற்பகல் பொறுப்பை ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை முதல் நாள். அதற்கடுத்த வாரத்துத் திங்கள் பத்தாம் நாள். செவ்வாயன்று சேர வேண்டும். பிள்ளையின் சேர்க்கைக்கு இன்னும் இரண்டு வாரம் தேவை என்றால், அந்தச் செவ்வாய் முதல் ஈட்டிய விடுப்பு கேட்டு, ஒப்படைக்கும் முன்பே விண்ணப்பித்து, புதிய அலுவலகத்துக்கும் நகல் அனுப்பிவிட வேண்டும். குடும்பச் சூழ்நிலை என்று பொதுவாக எழுதாமல், மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும் தேதி, சேர்க்கைத் தேதி, வீடு காலியாகும் நாள் ஆகியவற்றைச் சொல்லி, பள்ளிக் கடிதத்தையும் இணைப்பது நல்லது. ஒப்புதல் வராமல் ஊரிலேயே தங்கிவிட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம் போகலாம், ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம்.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு இதுவே சிறந்ததாகப் படுகிறது. அவர் மட்டும் கிளம்பிப் போய் முதல் திங்களன்றே சேர்ந்துவிடலாம். செலவானது 2 நாள். மிச்சம் 8 நாள் ஈட்டிய விடுப்புக் கணக்கில் ஏறும். கணக்கின் உச்சவரம்பு 300 நாள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு வீடும் பள்ளியும் அமைந்ததும் அந்த விடுப்பில் வந்து குடும்பத்தை அழைத்துப் போகலாம். ஆறு மாதத்துக்குள் அழைத்துச் சென்றால் குடும்பத்துக்கான பயணப்படியும் கேட்கலாம்.

கல்வியாண்டின் நடுவில் ஆணை வந்திருந்தால் பொறுப்பை ஒப்படைக்கும் முன்பே பேசுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி இயக்குநர் தொடுத்த ஒரு வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், பணி அவசரம் இல்லாதபோது பிள்ளைகளின் படிப்புக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று சொல்லி, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மாறுதலை நிறுத்திவைத்தது. அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, ஆண்டு முடிந்தபின் விடுவிக்கும்படி கேளுங்கள்.