வகுப்பு முடிந்ததும் ஒரு காபி

மயிலாப்பூரில் ஒரு பாட்டு வகுப்பு. கல்யாணி ராக ‘வனஜாக்ஷி’ வர்ணம் நடக்கிறது. உடன் படிக்கும் பெண்ணைப் பிடித்துப்போன கூச்ச சுபாவக்காரர் முதலில் தட்டியது: “சனிக்கிழமை ஃப்ரீயா?” இதை அனுப்பக் கூடாது. எதற்கென்று தெரியாமல் ‘ஆமாம்’ என்றுவிட்டால், அப்புறம் அவர் மறுப்பது சங்கடம்.

திருத்தி எழுதியது இது:

“நான் கிளாஸ்ல பின்வரிசையில உட்கார்றவன். நம்பர் நம்ம குரூப்ல இருந்து எடுத்தேன், தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டாம் காலத்துல சிட்டைஸ்வரத்தை நீங்க தாளம் விடாம பாடினது ரொம்ப நல்லா இருந்துச்சு. சனிக்கிழமை கிளாஸ் முடிஞ்சதும் பக்கத்து ஹோட்டல்ல ஒரு காபி சாப்பிடலாமா? வேலை இருந்தா பரவாயில்லை, கிளாஸ்ல பார்ப்போம்.”

நம்பர் கிடைத்த வழியை முதலிலேயே சொன்னதில் பாதி பயம் போய்விடுகிறது. பாராட்டு அழகைப் பற்றியதல்ல, பாட்டைப் பற்றியது. கவனித்துக் கேட்டவர்தான் அப்படி எழுத முடியும். பகல் நேரம், நாலு பேர் இருக்கும் இடம், அரைமணி நேரக் காபி. கடைசி வரி மிக முக்கியம். மறுத்தாலும் அடுத்த வாரம் அவர் அதே பாயில் நிம்மதியாக உட்கார வேண்டுமே!

“இந்த வாரம் முடியாது, அடுத்த சனிக்கிழமை?” என்று அவரே வேறு நாள் சொன்னால் சம்மதம். வெறும் “பார்க்கலாம்”, ஒரு சிரிப்புப் பொம்மை, பதிலே இல்லை என்றால் விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது செய்தி வேண்டாம்.