குறட்டை, மூச்சுத்தடை, உடல் எடை

மூக்குக்கும் குரல்வளைக்கும் இடையே உள்ள தொண்டைப் பகுதியைச் சுற்றி விறைப்பான தாங்கல் எதுவும் கிடையாது. விழித்திருக்கும்போது அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகள். தூக்கத்தில் அவை தளர, பாதை குறுகி, காற்று உரசும்போது எழுவது குறட்டை. பாதை முழுவதும் மூடிக்கொண்டால் மார்பும் வயிறும் இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இப்படிப் பத்து விநாடிக்கு மேல் மூச்சு நிற்பதே ஸ்லீப் அப்னியா. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை கணநேரம் விழித்து, தசைகளை முடுக்கி, பாதையைத் திறக்கிறது. தூங்குபவருக்கு இது நினைவில் இருப்பதில்லை. குறட்டை சட்டென்று நின்று, பிறகு திணறலுடன் மீண்டும் தொடங்குவதைப் பக்கத்தில் படுத்திருப்பவரே முதலில் கவனிக்கிறார்.

ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் பெரிதும் குறைவதுமாக எத்தனை முறை நேர்கிறது என்பதே நோயின் அளவுகோல். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30-ஐத் தொட்டால் கடுமையானது.

எடை கூடும்போது கொழுப்பு வயிற்றோடு நிற்பதில்லை. கழுத்தில் சேர்ந்து தொண்டையை வெளியிலிருந்து அழுத்துகிறது, நாக்கிலும் சேர்கிறது. மல்லாந்து படுத்தால் பருத்த நாக்கு பின்னால் சரிந்து பாதையை அடைக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடை குறைத்தவர்களை எம்.ஆர்.ஐ. படங்களின் துணையோடு ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது: மூச்சுத்தடை குறைந்ததற்கு மிக நெருங்கிய தொடர்புடையதாகத் தெரிந்தது நாக்கின் கொழுப்பு குறைந்ததுதான். தொப்பைக்கும் இதில் பங்குண்டு. அது உதரவிதானத்தை மேலே தள்ள, நுரையீரல் சுருங்குகிறது. தொண்டையைக் கீழ்நோக்கி இழுத்து விறைப்பாக வைத்திருக்கும் பிடி தளர்கிறது.

எதிர்த்திசைப் பாதை இவ்வளவு நேரானதல்ல. இரவு முழுவதும் துண்டு துண்டாகத் தூங்கியவர் பகலில் சோர்ந்து போகிறார், நடப்பது குறைகிறது. தூக்கக் குறைவு பசியையும் மாற்றுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விட்ட ஒரு சோதனையில், வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது. மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் ஏறி இறங்குவதால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத சிக்கலும் சேர்கிறது.

அப்படியானால் மூச்சுத்தடையைச் சரிசெய்தால் எடை தானாக இறங்குமா? இறங்காது. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, முகமூடி வழியாக அழுத்தமான காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. தடை அன்றிரவே நிற்கிறது. ஆனால் சிபாப் பயன்படுத்தியவர்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் சராசரி எடை சிறிதளவு கூடவே செய்தது. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடியபோது செலவான ஆற்றல் மிச்சமாவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சிபாப் தருவது பகல் நேரத் தெளிவு. அதை நடைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பயன்படுத்துபவருக்கே எடையில் பலன். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலும், சிபாப்பை மட்டும் பயன்படுத்தியவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பும் ரத்தக் கொழுப்பும் குறையவில்லை. எடை குறைத்தவர்களுக்குக் குறைந்தன. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இறங்கியது.

எடைக் குறைப்பால் மூச்சுத்தடை எவ்வளவு குறையும்? விஸ்கான்சினில் பொதுமக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒரு கணக்கைத் தருகிறது: எடை 10 விழுக்காடு குறைந்தால் தடைகளின் எண்ணிக்கை சுமார் 26 விழுக்காடு குறைகிறது, 10 விழுக்காடு கூடினால் சுமார் 32 விழுக்காடு கூடுகிறது. 90 கிலோ எடையும் மணிக்கு 32 தடைகளும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 9 கிலோ குறைத்தால் அவருடைய எண்ணிக்கை ஏறத்தாழ 24 ஆகும். கடுமையான நிலையிலிருந்து நடுத்தர நிலைக்கு வந்துவிட்டார். கருவியை விடும் நிலை இன்னும் வரவில்லை. இது சராசரிக் கணக்குதான். தாடை சிறியவருக்கோ டான்சில் பெரியவருக்கோ இவ்வளவு பலன் கிடைக்காமல் போகலாம். எடை கூடாதவர்களுக்கும் இந்நோய் வருவது அதனால்தான்.

இதைவிடப் பெரிய எடைக் குறைப்பு இப்போது மருந்தாலும் முடிகிறது. டிர்செபடைடு ஊசி மருந்தை, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையும் உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 டிசம்பரில் ஏற்றது. ஓராண்டுச் சோதனைகளில் மணிக்குச் சராசரியாக 25-க்கும் மேற்பட்ட தடைகள் குறைந்தன. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பக்கூடும். எடையோடு தடையும் திரும்பும்.

எடை குறைந்ததும் குறட்டை அடங்கிவிட்டது என்று பலர் முகமூடியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இது அவசரம். சத்தம் குறைந்த பிறகும் தடைகள் தொடரக்கூடும். தூக்கப் பரிசோதனையை மறுபடியும் செய்து, எண்ணிக்கையைப் பார்த்த பின்பே காற்றழுத்தத்தைக் குறைப்பதையோ கருவியை நிறுத்துவதையோ மருத்துவர் முடிவு செய்வார்.