பத்து அறை, பன்னிரண்டு பதிவு

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே, டவுன் ஹால் ரோட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்படி ஒரு லாட்ஜில் நடப்பதாக இந்தக் கதையை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடி, பதினாறு அறை. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பெரிய முகூர்த்தம். காலை ஐந்தரைக்கு ரிசப்ஷனில் ஷிஃப்ட் மாறுகிறது. இரவு ஆள் பதிவேட்டை நீட்டி, "இன்னைக்குக் கொஞ்சம் டைட்டுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

பகல் ஷிஃப்டுக்கு வந்த அந்த அக்கா பதிவேட்டைப் பார்க்கிறார். இன்று காலியாகும் அறைகள் பத்து. ஐந்து அறைக்காரர்கள் நாளையும் தங்குகிறார்கள். 204-இல் குளியலறைக் குழாய் ஒழுகிக் கீழே 104-இன் கூரையில் சொட்டியதால் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வரவேண்டியவர்கள் பட்டியலிலோ பன்னிரண்டு பெயர். ஒரு இணையதளம் வழியாக ஐந்து, இன்னொன்றின் வழியாக மூன்று. அது போக, முதலாளி தன் டைரியில் எழுதி, நேற்று ராத்திரி போனில் சொன்ன கல்யாண வீட்டுக்கு நான்கு. கல்யாண வீட்டார் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் நேரம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

அவர் முதலில் செய்தது யாரையும் கூப்பிடுவதல்ல. கணினியில் இரண்டு இணையதளங்களின் பக்கங்களையும் திறந்து, இன்றைய தேதிக்கு விற்பனையை நிறுத்தினார். லாட்ஜ்காரர்கள் இதை 'ஸ்டாப் சேல்' என்பார்கள். நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கோ ஒருவர் போனில் விரலைத் தட்டி இன்னொரு அறையை வாங்கிவிடுவார். பெரிய ஹோட்டல்களில் ஒரு தளத்தில் அறை விற்றதும் மற்ற தளங்களிலும் எண்ணிக்கையைக் குறைத்துவிடும் மென்பொருள் உண்டு. அதைச் சேனல் மேனேஜர் என்கிறார்கள். இந்த லாட்ஜில் அந்த வேலையை மனிதர்கள்தான் செய்கிறார்கள், அதுவும் ஞாபகம் வரும்போது. கடைசியாக மிஞ்சியிருந்த ஓர் அறை இரண்டு தளங்களிலும் 'காலி' என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டிலும் போய்விட்டது.

அடுத்து, மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெயரைவிடக் கைபேசி எண்ணைக் கவனித்துப் பார்த்தார். ஒரே எண் இரண்டு முறை வந்தது. ஒருவர் ஏற்கெனவே போட்ட பதிவில் தேதியை மாற்றியிருக்கிறார். அந்தத் திருத்தத்துக்கான மின்னஞ்சலைப் புதுப் பதிவு என்று நினைத்து இரவு ஆள் தனியாக எழுதிவிட்டார். இணையப் பதிவு எட்டிலிருந்து ஏழானது, மொத்தம் பதினொன்று. நிஜமான இடிப்பு ஒன்றே ஒன்றுதான்.

அப்படியானால் ஒருவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் மதுரை லாட்ஜின் விசித்திரம் வருகிறது. நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவி வாங்கியவருக்கு மறுநாள் ராத்திரி ஒன்பது வரை அறை சொந்தம். இணையதளங்களுக்கு இந்தக் கணக்குப் பிடிபடாது. அவை விற்பது 'இரவு'களை. பகல் பன்னிரண்டுக்கு வா, மறுநாள் காலை பதினொன்றுக்குப் போ. தேதியை மட்டும் பார்த்தால் காலியாவது பத்து, வருவது பத்து, சரியாக இருக்கும். மணியைப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். அறையில் இருப்பவரும் நியாயப்படி இருக்கிறார், வாசலில் பெட்டியோடு நிற்பவரும் நியாயப்படி வந்திருக்கிறார். இந்தச் சண்டையில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தப்பில்லை என்பதுதான் அதைத் தீர்ப்பதைக் கஷ்டமாக்குகிறது.

எனவே நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் கோடு போட்டார். இடது ஓரத்தில் அறை எண்கள், மேலே மணிகள். மூன்று அறைகள் ஏழு மணிக்குள் காலியாகும். இரண்டு, காலை பத்துக்கு. இரண்டு, மதியம் மூன்றுக்கு. கடைசி மூன்று, ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஒவ்வொன்றோடும் நாற்பது நிமிடத்தைக் கூட்டி எழுதினார். விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, தண்ணீர் வைத்துவிட்டு வர ரூம் பாய்க்கு அவ்வளவு நேரம் வேண்டும். பதற்றமான நாளில் எல்லோரும் விடுகிற கணக்கு இந்த நாற்பது நிமிடம்தான். 'காலியாகிவிட்டது' வேறு, 'கொடுக்கலாம்' வேறு.

அதற்குள் கல்யாண வீட்டார் வந்துவிட்டார்கள். பெட்டிகள், பூக்கூடை, தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள். பெரியவர் ஒருவர், "நாலு ரூம்னு சொல்லியிருக்கே?" என்று ஆரம்பிக்கிறார்.

"ஆமாங்கய்யா, நாலும் உங்களுக்குத்தான். முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க?"

"ஏழரை ஒன்பது."

"அப்ப மண்டபத்துல சாப்பிட்டு இங்க திரும்ப எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி ஆகிடும்மா."

இந்த ஒரு பதிலில் அவருக்கு ஓர் அறை கிடைத்துவிட்டது. இவர்களுக்கு இப்போது வேண்டியது படுக்கை அல்ல. குளிக்கவும் உடுத்தவும் இடம். காலியாகிக்கொண்டிருந்த மூன்று அறைகளில் இரண்டை உடனே துடைத்துக் கொடுத்தார். மூன்றாவது அறைக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு நேரம் முடியக் கால் மணி இருந்ததால் கதவைத் தட்டவில்லை. ஆறு மணிக்குக் காபியோடு பையனை அனுப்பினார். பெண்கள் புடவை கட்டி, பூ வைத்துக்கொள்ள 204-ஐத் திறந்துவிட்டார். குழாய் ஒழுகினால் என்ன? விளக்கு எரிகிறது, ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. தண்ணீர் வால்வை மட்டும் அடைத்து, குளியலறைக்குப் பூட்டுப் போடச் சொன்னார். விற்க முடியாத அறையை உபயோகிக்க முடியாத அறை என்று நினைத்துவிடுவது கவுன்ட்டரில் வழக்கம். அவர் அப்படி நினைக்கவில்லை. நான்காவது அறை மூன்று மணிக்குக் காலியாவதில் ஒன்று என்று பெரியவரிடம் சொல்லி, அட்டையிலும் எழுதிக் கொடுத்தார்.

ஆறேகால் மணிக்கு இரண்டு சந்து தள்ளியிருக்கும் லாட்ஜைக் கூப்பிட்டார். முகூர்த்த நாளில் எட்டு மணிக்கு மேல் எங்கும் அறை கிடைக்காது. அனுப்பப்போவது யாரை என்று முடிவாகும் முன்பே ஓர் ஏசி அறையைப் பிடித்து வைத்தார். வாடகை ஆயிரத்து எண்ணூறு. இவர்களுடையது ஆயிரத்து நானூறு.

யாரை அனுப்புவது? கவனிக்காமல் விட்டால், கடைசியாக வருகிறவர்தான் மாட்டுவார். அவர் நள்ளிரவில் கைக்குழந்தையோடு வரும் குடும்பமாக இருக்கலாம். ஆகவே ஏழு பேருக்கும் எட்டு மணியிலிருந்து போன் போட்டு, எத்தனை பேர், எதில் வருகிறீர்கள், எப்போது சேருவீர்கள் என்று கேட்டார். மூன்று குடும்பங்கள் மதியம். மூன்று குடும்பங்கள் வைகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். ஒருவர் மட்டும் தனி ஆள், ஒரே ராத்திரி, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார். அவரிடம் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"சார், தப்பு எங்க பேர்ல. ஒரே ரூமை ரெண்டு பேருக்கு வித்துட்டோம். பக்கத்துலயே இதைவிட நல்ல ரூம் எடுத்து வெச்சிருக்கேன். நீங்க ஆயிரத்து நானூறு கொடுத்தாப் போதும், மீதி நாங்க கட்டுறோம். ஆட்டோவுக்கும் நாங்கதான்."

"ஏங்க என்னைப் பிடிச்சீங்க?"

"மத்தவங்க எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க சார்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். சரி என்றார். "ஒண்ணு மட்டும் சார், நீங்களா கேன்சல் பண்ணிடாதீங்க" என்று சேர்த்துச் சொன்னார் அக்கா. வாடிக்கையாளர் ரத்து செய்தால் கட்டணம் அவர் தலையில் விழக்கூடும். தவறு லாட்ஜினுடையது என்று தளத்துக்குத் தெரிவிப்பது லாட்ஜின் வேலை. இதே பேச்சை ராத்திரி பதினொன்றரைக்குக் கவுன்ட்டரில் நின்று பேசியிருந்தால் அது தகராறாகியிருக்கும்.

மதியம் வந்த மூன்று குடும்பங்களில் இரண்டுக்கு, பத்து மணிக்குக் காலியான அறைகள் தயாராக இருந்தன. மூன்றாவது குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து காரில். மூன்று மணிக்குக் காலியாகும் இரண்டு அறைகளில் ஒன்று கல்யாண வீட்டுக்கு, மற்றது இவர்களுக்கு. ஆக மூன்றே முக்கால் வரை இவர்களுக்கு அறை கிடையாது. "பன்னெண்டரைக்கு மீனாட்சி கோயில் நடை சாத்திடுவாங்க, அதுக்கு முன்னாடி வந்து, பெட்டியை இங்க போட்டுட்டு நேரா சாமி பார்க்கப் போயிடுங்க" என்று காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். அவர்கள் வந்து சேரவே பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. சாமி நாலு மணிக்குத்தான். மறுபடி 204. குழந்தையும் பாட்டியும் கட்டிலில் படுத்தார்கள், கழிப்பறைக்குத் தரைத் தளம். அந்த வீட்டுக்காரருக்குக் கோபம்தான். அக்கா அதைத் தணிக்க முயலவில்லை. மறுநாள் பன்னிரண்டு வரை இருக்கலாம் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார்.

ராத்திரிக் கணக்கு ஓரளவு தானாகவே தீர்ந்தது. ஒன்பதுக்கு மேல் காலியாக வேண்டிய மூன்று அறைகளில் இரண்டில் இருந்தவர்கள் பாண்டியனில் சென்னை திரும்புகிறவர்கள். வண்டியே ஒன்பதரை வாக்கில் கிளம்புகிறது என்பதால் எட்டேகாலுக்கே சாவி வந்துவிட்டது. மூன்றாவது அறைக்காரரிடம் கேட்டுப் பார்த்தார். ஒன்பதரை வரை எனக்கு உரிமை என்றார். சரிதானே. வைகையில் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குப் போன் போட்டு, வழியில் சாப்பிட்டுவிட்டுப் பத்தேகாலுக்கு வரச் சொன்னார்.

மறுநாள் முதலாளி வந்தபோது, கைச்செலவு நோட்டில் இரண்டு வரி எழுதியிருந்தது: வாடகை வித்தியாசம் நானூறு, ஆட்டோ எண்பது. அதைத் தொட்டு அக்கா இரண்டு விஷயம் கேட்டார். இணையத்தில் விற்க ஆறு அறைகளைத் தனியாகப் பிரித்து, அவற்றில் யார் தங்கினாலும் பதினொன்றுக்கு வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வது; மீதிப் பத்தும் வழக்கம்போல இருபத்துநான்கு மணிக் கணக்கில் ஓடட்டும். முதலாளி கொஞ்சம் யோசித்தார். ராத்திரி வந்து தங்குகிற பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்களே என்ற கவலை அவருக்கு. கடைசியில் நான்கு அறைக்குச் சம்மதித்தார்.

இரண்டாவது, அந்த டைரி கவுன்ட்டரிலேயே இருக்க வேண்டும் என்பது. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் போன் வந்தது. "ஏம்மா, ஐப்பசியில ஒரு கல்யாணம், ரெண்டு ரூம் எழுதிக்க."

"எழுதிக்கிறேன் சார். எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"அதைக் கேக்கலையே."

"கேட்டுச் சொல்லுங்க சார், அப்புறம் எழுதிக்கிறேன்."