ஒரு கப் கஞ்சி 20 ரூபாயா? ஒரு நன்கொடை வீடியோ ஸ்கிரிப்ட்

(எபிசோடின் எழுத்து வடிவம், சுருக்கித் திருத்தப்பட்டது)

இன்னைக்கு ஒரு நிமிஷ வீடியோ ஸ்கிரிப்ட் ஒண்ணை வரி வரியா பிரிச்சுப் பார்க்கப் போறோம். ஆம்பூர்ல ஒரு பள்ளிவாசல், ரமலான் மாசம் நோன்புக் கஞ்சி காய்ச்சுறதுக்குப் பணம் கேட்டு வீடியோ எடுக்குறாங்கன்னு வச்சுப்போம். சாயங்காலம் அண்டா இறங்கினதும், தோல் ஷாப்ல வேலை செய்றவங்க, ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க, பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்கள்னு எல்லாரும் தூக்குவாளியோட வந்து வாங்கிட்டுப் போவாங்க.

இந்த மாதிரி வீடியோவுல வழக்கமா வர்ற முதல் வரி: "உங்கள் 20 ரூபாய் ஒருவரின் நோன்பைத் திறக்கும்." கேட்க நல்லா இருக்கு. ஆனா உண்மையா?

கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு நாளைக்கு 500 கப். கறி, பாசிப்பருப்பு, தேங்காய், எண்ணெய், மசாலா 6,500 ரூபாய். பண்டாரிக்கும் உதவியாளுக்கும் கூலி 2,000. கேஸ் 1,500. மொத்தம் 10,000, 500 ஆல வகுத்தா 20.

இந்த 20 ஒரு சராசரி. நான் 20 ரூபாய் கூடுதலா போட்டா 501ஆவது கப் வந்துடாது. கூலியும் கேஸும் ஏற்கனவே செலவாகுற காசு. அதனால "20 ரூபாய்க்கு ஒருத்தர்"னு சொல்றதைவிட, "ஒரு நாள் அண்டாவுக்கு 10,000 ஆகுது, அதுல 500 கப் வருது"ன்னு சொல்றதுதான் நேர்மை.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? செலவுல அரிசியே இல்லை. 2001லேர்ந்து தமிழ்நாடு அரசு நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருது. அந்த அரிசியை வாங்குற பள்ளிவாசல், வீடியோவுல அரிசி மூட்டையைக் காட்டி "இதை வாங்க உதவுங்கள்"னு கேட்டா அது பொய். காட்ட வேண்டியது கறியும் பருப்பும் கேஸும்தான்.

அடுத்த வரி இன்னும் சிக்கலானது: "உங்கள் ஜகாத், சதகாவைத் தாருங்கள்." ரமலான்ல நிறைய பேர் ஜகாத் கொடுப்பாங்க. அது கடமை; யாருக்குப் போகணும்னு குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்லுது. ஹனஃபி மத்ஹபுல, தகுதியுள்ள ஏழையோட கையில அது உரிமையாச் சேரணும். கஞ்சியோ வசதியானவர், ஏழை, பிற மதத்தவர்னு எல்லாருக்கும் போகுது. பணத்துல ஒரு பகுதி கூலிக்கும் கேஸுக்கும் போகுது. அப்போ கொடுத்தவரோட ஜகாத் நிறைவேறாமப் போகலாம். அவர் கடமை முடிஞ்சதுன்னு நிம்மதியா இருப்பார், அவருக்குத் தெரியவே தெரியாது. சேர வேண்டிய ஏழைக்கும் அது போய்ச் சேராது. சதகாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால அந்த வரியில "ஜகாத்"ங்கிற ஒரு சொல்லை எடுத்துடணும். எடுத்தா வசூல் குறையும். அப்படியும் எடுக்கத்தான் வேணும்.

மூணாவது, கடைசியில வர்ற க்யூஆர் கோடு. வீடியோ வாட்ஸ்அப்ல துபாய்க்கும் போகும், சிகாகோவுக்கும் போகும். துபாய்ல வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியா அனுப்பினா பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கின மாமா அனுப்பினா, ஆம்பூர்லயே பிறந்தவரா இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத பள்ளிவாசல் அதை வாங்கினா சட்ட மீறல். இதையும் வீடியோவிலேயே சொல்லிடணும்.

இப்போ முழு ஸ்கிரிப்ட். படத்துல அண்டா, அடுப்பு, கரண்டி மட்டும். வரிசையில நிக்கிறவங்க முகம் வேண்டாம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பள்ளிவாசலில் ரமலான் 30 நாளும் கஞ்சி காய்ச்சுகிறோம். யார் வந்தாலும் தருகிறோம். அரிசி அரசு தருகிறது. கறி, பருப்பு, மசாலா, கேஸ், கூலிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10,000 ரூபாய் ஆகிறது. மாதம் முழுவதற்கும் 3 லட்சம் தேவை. இது சதகாவுக்கான கணக்கு. ஜகாத்தை இதில் போட வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் பணம் அனுப்ப வேண்டாம், துஆ செய்யுங்கள். 3 லட்சம் சேர்ந்ததும் வசூலை நிறுத்திவிடுவோம். மீதி இருந்தால் அடுத்த வருடக் கஞ்சிக்கு வைப்போம். வரவு செலவைப் பெருநாள் முடிந்த வாரம் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவோம்."

நிதானமாப் படிச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள முடியும். இதுல கடைசி வரியை மட்டும் காப்பி அடிச்சுடாதீங்க. கணக்கு எழுத ஒரு ஆளும் பில் போட ஒரு ஃபைலும் முதல் நாளே இருந்தாத்தான் அந்த வரியைச் சொல்லலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.