பன்னிரண்டு சீட், இருபது பிள்ளைகள்

ஸ்கூல் வேன் விபத்தில் பிள்ளைக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுக்கும் என்று பெற்றோர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று ஏதாவது ஒரு தொகையைச் சொல்வார்கள். அது பாலிசியில் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் தனிநபர் விபத்துக் காப்பு. அதில் உள்ள தொகை முன்கூட்டியே எழுதி வைத்தது. அதற்கு மேல் ஒரு பைசா வராது. உண்மையில் பிள்ளைக்குப் பெரிய தொகையைப் பெற்றுத் தருவது வேறொரு பகுதி. மூன்றாம் நபர் காப்பு என்கிறோமே, அதுதான். உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் அதில் ரூபாய்க் கணக்கில் உச்சவரம்பு கிடையாது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் 5 லட்சம் என்றாலும் 50 லட்சம் என்றாலும் கம்பெனி கட்டியாக வேண்டும்.

வரம்பு இருப்பது தலைக்கணக்கில். இது பலருக்குத் தெரிவதில்லை.

பிரீமியம் போடும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். 2022 ஜூனில் அமலுக்கு வந்த விகிதப்படி, பள்ளி அல்லது கல்லூரியின் பெயரில் உள்ள பேருந்துக்கு அடிப்படைத் தொகை 12,192 ரூபாய். அதோடு ஒவ்வொரு பயணிக்கும் 745 ரூபாய். 12 பேர் உட்காரும் வேன் என்றால் ஜி.எஸ்.டி. தவிர்த்து 21,132 ரூபாய் வருகிறது. கல்வி நிறுவனம் என்பதற்காக 15 சதவீதம் குறைத்த பிறகான கணக்கு இது. அதாவது கம்பெனி 12 பேருக்குத்தான் காசு வாங்கியிருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கை, பர்மிட்டில் உள்ள எண்ணிக்கை, பாலிசியில் பிரீமியம் கட்டிய எண்ணிக்கை மூன்றும் ஒன்றாக இருக்கும். காலை எட்டு மணிக்கு வேனுக்குள் இருக்கும் எண்ணிக்கைதான் பெரும்பாலும் அவற்றோடு ஒத்துப் போவதில்லை.

அப்படி ஒத்துப் போகாத வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? 2007-ல் அஞ்சனா ஷியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. 42 பேருக்கான பஸ்ஸில் சுமார் 90 பேரை ஏற்றிச் சென்ற விபத்து அது. கம்பெனியின் பொறுப்பு 42 பேருக்குத்தான். ஆனால் அந்த 42 பேர் யார் என்று யார் சொல்வது? அதனால் வழங்கப்பட்ட தொகைகளில் பெரியவையாக 42-ஐ எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையைக் கம்பெனி தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். பாக்கியை அவரவர் வண்டி உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

நம் வேனுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 12 சீட், உள்ளே 20 பிள்ளைகள், 20 பேருக்கும் காயம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த இழப்பீடு 40 லட்சம். அதில் பெரிய 12 தொகைகளைக் கூட்டினால் 36 லட்சம் வருகிறது. கம்பெனி கட்டுவது இந்த 36 லட்சம்தான், ஆளுக்கு 90 சதவீதம். கால் முறிந்து 10 லட்சம் தீர்ப்பான பிள்ளைக்கு 9 லட்சம் வரும். மீதி ஒரு லட்சத்துக்கு வேன்காரர் வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்தப் பிள்ளை முதல் ஸ்டாப்பிலேயே ஏறி ஒழுங்காக சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு மாறாது. கடைசி ஸ்டாப்பில் ஏற்றிய எட்டுப் பேர் எல்லோர் பங்கையும் குறைத்துவிடுகிறார்கள். அதே சமயம், 20 பேர் இருந்த வேனில் ஐந்து பேருக்கு மட்டும் அடிபட்டால், பாலிசி தாங்கும் எண்ணிக்கைக்குள்தான் கோரிக்கைகள் இருக்கின்றன. ‘ஓவர்லோடு, ஒன்றும் கிடையாது’ என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கேஸ் போடாமல் இருந்துவிடக் கூடாது.

பர்மிட் சமாசாரம் இதைவிடச் சிக்கலானது. தெருவில் தெரிந்த ஒருவர் ஓன் போர்டு வண்டியில், அதாவது வெள்ளை நம்பர் பிளேட் உள்ள சொந்த வண்டியில், பிள்ளைகளை ஏற்றிப் போகிறார். மாதம் ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். சட்டத்தின் கண்ணில் அது வாடகை ஓட்டம். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய்தான். ஆசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் அந்தப் பாலிசியிலேயே ‘வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை அச்சாகியிருக்கும். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதை எதிர்வாதமாக வைக்க மோட்டார் வாகனச் சட்டம் கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. பர்மிட் அனுமதிக்காத வேலைக்கு ஓட்டியதும் அப்படித்தான்.

பர்மிட்டே இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் சொன்னது. ஆனாலும் பாதிக்கப்பட்டவரைக் கைவிடாமல், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பதுதான் அங்கே உத்தரவு. கோர்ட் வட்டாரத்தில் இதை ‘பே அண்ட் ரெக்கவர்’ என்பார்கள். பெற்றோருக்கு ஆறுதலான ஏற்பாடுதான். ஆனால் எந்தப் பாலிசிக்கும் கிடைத்துவிடும் என்று இருக்க முடியாது. சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பு மட்டும் எடுத்திருந்தால், அது காருக்குள் இருப்பவர்களைக் காப்பதில்லை என்று 2012-லேயே பாலகிருஷ்ணன் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. வேன்காரரின் நிலைமை இன்னும் மோசம். கம்பெனி கொடுத்த லட்சங்களை வட்டியோடு திருப்பிக் கேட்டு அதே தீர்ப்பாயத்தில் அவர் மீது நிறைவேற்று மனு போடும். மாதத் தவணையில் வாங்கிய வண்டியும் வீடும் அதில் போகலாம்.

பள்ளிக்கே சொந்தமான மஞ்சள் பஸ்ஸிலும் பர்மிட் தகராறு வரும். அந்த நிறுவனத்தின் மாணவர்களையும் ஊழியர்களையும் அதன் வேலைகளுக்காக ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே உள்ளது என்பதுதான் கல்வி நிறுவனப் பேருந்துக்குச் சட்டம் தரும் விளக்கம். ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குப் போவது அதில் அடங்கும். தாளாளரின் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றுவது அடங்காது. மூணாறுக்குச் சுற்றுலா போனால் நோக்கம் சரிதான், ஆனால் தமிழ்நாட்டு பர்மிட் களியக்காவிளைக்கும் போடிமெட்டுக்கும் அந்தப் பக்கம் தானாகச் செல்லாது. தற்காலிக பர்மிட் எடுத்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

கம்பெனி ஸ்டாஃப் பஸ்ஸில் இன்னொரு பிரிவு உண்டு. ஆலையே சொந்தமாக வாங்கி, காசு வாங்காமல் தன் ஆட்களை ஏற்றிச் சென்றால் அது தனியார் சேவை வாகனம்; அதற்கென்று தனி பர்மிட். டிராவல்ஸ்காரரிடம் ஒப்பந்தம் போட்டிருந்தால் அது காண்ட்ராக்ட் கேரியேஜ். முதல் வகை பர்மிட்டை வைத்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு நடுவில் பக்கத்து ஆலைக்காரர்களையும் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றினால் அது வாடகை ஓட்டமாகிவிடும். வெளியாட்களை ஏற்றும் அந்த நடையில் விபத்து நடந்தால் கம்பெனி முதலில் கேட்பது பர்மிட் நகலைத்தான்.

டிரைவரின் லைசன்ஸ் ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை, டி போர்டு ஆனாலும், சாதாரண இலகுரக வாகன லைசன்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. அதனால் வேன் அளவில் அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. பெரிய பஸ்ஸுக்கு கனரக லைசன்ஸ் கட்டாயம்தான்.

ஜூன் மாதம் வேன் பேசும்போது பாலிசியின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டி எந்த வகை என்று எழுதியிருக்கிறது, எத்தனை பயணிகளுக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறது, ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தி என்ன சொல்கிறது, இந்த மூன்றும் அங்கேயே கிடைக்கும். எஃப்.சி. எதுவரை என்பதை mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எஃப்.சி. காலாவதியானால் போக்குவரத்து வாகனத்தின் பதிவே செல்லாததாகக் கருதப்படும் என்கிறது சட்டத்தின் 56-வது பிரிவு. பர்மிட்டை மட்டும் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் வேன்காரர் பெரும்பாலும் பர்மிட் எடுத்திருக்க மாட்டார்.